மகால் மாதிரிகள் மூன்று: நேர்த்தி, விகிதம், படம் மூன்றையும் வைத்து எதற்கு முதலிடம் தருவது?

திருமங்கலம் டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். கட்டட வரைவு படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்தத் தடவை எல்லாக் குழுவுக்கும் ஒரே கட்டடத்தைக் கொடுத்தேன்: நம்ம ஊர் திருமலை நாயக்கர் மகால். முழுதும் இல்லை, சொர்க்க விலாசத்துக்கு முன்னால் இருக்கும் முற்றமும் அதைச் சுற்றி நிற்கும் தூண் வரிசையும் மட்டும். விகிதம் 1:100. நேர்த்திக்கு 40 மதிப்பெண், விகிதத்துக்கு 40, படங்களுக்கு 20 என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

ஐந்து குழுவில் மூன்று மாதிரிகள் போட்டியில் நிற்கின்றன. பிள்ளைகள் பெயர் வேண்டாம், அ, ஆ, இ என்று வைத்துக்கொள்வோம்.

அ: வெள்ளை மவுண்ட் போர்டில் செய்தது. வெட்டு விளிம்பைக் கையால் தடவினால் சொரசொரப்பே இல்லை. வளைவுகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன. படங்களும் அருமை. பார்த்தவர்கள் எல்லோரும் இதைத்தான் காட்டுகிறார்கள்.

ஆ: வேலை சுமார். மூலைகளில் பசை கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது. படங்களை ராத்திரி டியூப்லைட்டில், பூப்போட்ட பெட்ஷீட்டை விரித்து எடுத்திருக்கிறார்கள். ஆனால் நேரில் பார்க்கும்போது ஏனோ இதுதான் மகால் மாதிரி தெரிகிறது.

இ: தூணுக்கு 20 மி.மீ. மின்குழாய். சந்தன நிறப் பெயின்ட் ரொம்ப அழகு. முற்றத்தில் ஒரு பொம்மை மனிதனையும் நிறுத்தியிருக்கிறார்கள்.

மூன்றையும் அளந்தேன். முற்றத்தின் நீளம், அகலம்: அ 744 க்கு 433, ஆ 722 க்கு 420, இ 744 க்கு 433. தூண் உயரம்: அ 177, ஆ 118, இ 122. எல்லாம் மி.மீ. தூண் உயரத்தில் இவ்வளவு வித்தியாசம் ஏன் வந்தது? விகித மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கூடல்நகர் பிரியன்

டீச்சர், மகால் மாதிரி ரெடிமேடாக எங்கே கிடைக்கும்? அக்கா பையனுக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டும். அ மாதிரியை விற்பார்களா?

திருமங்கலம் டீச்சர்

இது பிள்ளைகள் மதிப்பெண்ணுக்குச் செய்தது சார், விற்பனைக்கு இல்லை. பரிசு மாதிரிக்குத் தனியாக ஒரு இழை போட்டால் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

தெப்பக்குளத்தான்

முப்பது வருஷத்துக்கு மேல் வரைபட மேசையில் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன் டீச்சர்.

உயர வித்தியாசத்துக்குக் காரணம் பிள்ளைகள் கையில் இல்லை, அவர்கள் எடுத்த எண்ணில் இருக்கிறது. மகால் தூணுக்கு இரண்டு உயரம் அச்சில் உலவுகிறது. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த குறிப்பில் முற்றம் 244 அடிக்கு 142 அடி, கல்தூண் 40 அடி உயரம் என்று இருக்கும். இப்போது இணையத்திலும் சுற்றுலாக் கட்டுரைகளிலும் 58 அடி உயரம், 5 அடி விட்டம், 248 தூண் என்று போடுகிறார்கள். 1:100 இல் 40 அடி என்பது 122 மி.மீ., 58 அடி என்பது 177 மி.மீ. உங்கள் எண்களைப் பாருங்கள். இ 40 அடியை எடுத்திருக்கிறது, அ 58 அடியை எடுத்திருக்கிறது. முற்றத்தின் அளவு இரண்டு பேருக்கும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கிறது. 244 அடி 744 மி.மீ. ஆகும், 142 அடி 433 ஆகும்.

ஆ தான் சுவாரசியமானது. 722, 420, 118 மூன்றையும் 744, 433, 122 ஆல் வகுத்துப் பாருங்கள். மூன்றும் 0.97. அதாவது எல்லாமே சரிசமமாக மூன்று சதவீதம் சுருங்கியிருக்கிறது. அந்தக் குழு 40 அடியைத்தான் எடுத்திருக்கிறது, எங்கேயும் தவறாக அளக்கவில்லை. அவர்கள் கட்டியது 1:103 மாதிரி. அந்த மூன்று சதவீதம் எப்படிப் போயிருக்கும் என்று ஒரு சந்தேகம் இருக்கிறது. அதை அச்சுக்கடைக்காரர்கள் சொன்னால் நல்லது.

மாசிவீதி பிளாட்டர்

அண்ணன் என்னைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். ஆமாம், இது வாரம் ஒன்று நடக்கிறது. பிள்ளைகள் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவருவார்கள். 744 மி.மீ. வரைபடம் ஏ1 தாளில்தான் அடங்கும். கணினியில் அச்சுப் பெட்டி திறந்ததும் Fit என்று இருக்கும், அவசரத்தில் அப்படியே ஓகே கொடுத்துவிடுவார்கள். தாளின் ஓர வெள்ளை இடத்துக்குள் அடக்குவதற்காகப் படம் இரண்டு மூன்று சதவீதம் சுருங்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. Actual size என்று மாற்றிக் கொடுத்தால்தான் மில்லி மில்லியாக வரும்.

எங்களிடம் வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வரைபடத்தின் ஓரத்தில் சரியாக 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு வாருங்கள். தாள் வெளியே வந்ததும் முதல் வேலையாக அந்தக் கோட்டில் ஸ்டீல் ஸ்கேலை வையுங்கள். 97 காட்டினால் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுங்கள். இரண்டு நிமிஷ வேலை.

ஆ குழு அந்தத் தாளையே போர்டில் ஒட்டி அதன்மேல் வெட்டியிருப்பார்கள். அதனால்தான் உயரமும் சேர்ந்து சுருங்கியிருக்கிறது.

திருமங்கலம் டீச்சர்

ரொம்ப நன்றி இருவருக்கும். ஆ குழுவைக் கேட்டேன். தாளை ஒட்டி வெட்டினோம் மேடம் என்றார்கள். பழைய தாளைக் கொண்டுவரச் சொல்லி அளந்தேன். விகிதக் கோடு போட்டிருந்தார்கள், ஆனால் அச்சான பிறகு அதை அளக்கவில்லை. 100 இருக்க வேண்டிய இடத்தில் 97.

நாயக்கர் பட்டாளம்

நான் அ குழுவில் இல்லை, ஆனால் அதே வகுப்புதான். டீச்சர் கோபித்துக்கொள்ளக் கூடாது. 58 அடி என்பதுதான் எங்கே தேடினாலும் முதலில் வருகிறது. எல்லா இடத்திலும் ஒரே எண் இருந்தால் அதுதானே சரி? அ குழு 58ஐ எடுத்து 177 மி.மீ. என்று அச்சுப் பிசகாமல் செய்திருக்கிறார்கள். ஒரு தூண்கூட அரை மி.மீ. ஏற இறங்க இல்லை. விகிதத்துக்கு முழு மதிப்பெண் அவர்களுக்குத்தான் வர வேண்டும். ஆ குழு எல்லா அளவையும் தவறாக வைத்திருக்கிறது, அவர்களுக்கு எப்படி விகிதத்தில் மதிப்பெண் கொடுப்பது?

தெப்பக்குளத்தான்

தம்பி, நீங்கள் சொல்வதில் பாதி சரி. எடுத்த எண்ணைப் பிசகாமல் செய்தது பெரிய விஷயம், அதற்கு மதிப்பெண் உண்டு. ஆனால் ஒரே எண் நூறு இடத்தில் இருக்கிறது என்பதால் நூறு பேர் அளந்தார்கள் என்று ஆகாது. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் எடுத்துப் போட்டிருக்கலாம்.

58 பொய் என்றும் நான் சொல்லவில்லை. எதுவரை அளந்தார்கள் என்று இரண்டு தரப்பும் சொல்லவில்லை, சிக்கல் அங்கேதான். தூணின் தலை வரைக்குமா, அதற்குமேல் செங்கல்லில் எழும்பும் வளைவின் உச்சி வரைக்குமா, அதற்கும் மேலே கூரை விளிம்பு வரைக்குமா? மகாலில் கல்தூண் ஒரு இடத்தில் முடிந்து, அதன்மேல் செங்கல்லும் சுண்ணச் சாந்தும் வைத்துக் கட்டிய வளைவு தொடங்குகிறது. வளைவையும் சேர்த்து அளந்தால் உயரம் கூடத்தான் செய்யும். அ குழு 58 அடியைத் தூணுக்கே கொடுத்துவிட்டு அதன்மேல் வளைவையும் வைத்திருந்தால், வளைவின் உயரம் இரண்டு தடவை சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

இனி உயரத்தை விட்டுவிட்டு ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். தூணின் உயரத்தை அதன் விட்டத்தால் வகுங்கள். இதற்கு விகிதமே தேவையில்லை. 1:100 ஆக இருந்தாலும் 1:103 ஆக இருந்தாலும் விடை மாறாது. டீச்சர், மூன்று மாதிரியிலும் தூண் விட்டம் என்ன?

திருமங்கலம் டீச்சர்

அ 15 மி.மீ. இ 20, குழாய் அல்லவா. ஆ 14.5 வருகிறது, சார்ட் தாளைச் சுருட்டிச் செய்திருக்கிறார்கள்.

தெப்பக்குளத்தான்

சரி. அ: 177ஐ 15 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 12. ஆ: 118ஐ 14.5 ஆல் வகுத்தால் 8. இ: 122ஐ 20 ஆல் வகுத்தால் 6. ஒரே கட்டடத்தின் தூண் ஒன்றில் பனைமரம் போல ஒல்லியாகவும், ஒன்றில் குட்டையாகவும், ஒன்றில் நடுத்தரமாகவும் நிற்கிறது. உங்களுக்கு நேரில் ஆ தான் மகால் போலத் தெரிகிறது என்று முதல் பதிவில் சொன்னீர்களே, கண் பார்த்தது இந்தக் கணக்கைத்தான். முற்றம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைந்ததைக் கண் கண்டுகொள்ளாது. தூண் ஒல்லியா பருமனா என்பதை உடனே கண்டுகொள்ளும்.

இதனால்தான் சொல்கிறேன், சீராகச் சுருங்கிய பிழையும் சீரில்லாத பிழையும் ஒன்றல்ல. ஆ மாதிரியின் அடியில் 1:103 என்று சீட்டு ஒட்டிவிட்டால் அது சரியான மாதிரி. இ மாதிரியை எந்தச் சீட்டு ஒட்டியும் சரிசெய்ய முடியாது. அதன் தரை 1:100, உயரம் 1:100, தூண் பருமன் மட்டும் 1:76. 20 மி.மீ. குழாய் என்பது 1:100 இல் 2 மீட்டர் தூண், ஆறரை அடி.

மாசிவீதி பிளாட்டர்

இ குழுவுக்காக ஒரு வார்த்தை. கடையில் கிடைக்கும் மின்குழாயில் 20ம் 25ம்தான் எளிதாகக் கிடைக்கும், 15 மி.மீ. குழாய் என்று கேட்டால் கிடைக்காது. அதனால் பொருளை முதலில் தேடிவிட்டு அப்புறம் விகிதத்தை முடிவு செய்வது நல்லது என்பது என் எண்ணம். 5 அடித் தூணுக்கு 20 மி.மீ. குழாய்தான் கையில் இருக்கிறது என்றால் 1:75 என்று வைத்துக்கொண்டு மொத்தத்தையும் அந்த விகிதத்தில் கட்டலாம். முற்றம் ஒரு மீட்டர் நீளத்துக்குப் போய்விடும், பலகை பெரிதாக வேண்டும், பஸ்ஸில் கொண்டுவர முடியாது. அதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

1:100 தான் என்று டீச்சர் சொல்லிவிட்டால், தாளைச் சுருட்டுவதுதான் வழி. 12 மி.மீ. மரக்குச்சியின்மேல் சார்ட் தாளைப் பசை தடவி இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டே போய், 15 வந்ததும் நிறுத்தலாம். ஒவ்வொரு தூணுக்கும் ஒரே நீளத் துண்டு வெட்டி வைத்துக்கொண்டால் எல்லாம் ஒரே பருமனில் வரும்.

அனுப்பானடி அம்மா

நான் உங்கள் அளவுக்குப் படித்தவள் இல்லை. என் மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது இதே மகாலைத் தெர்மோகோலில் செய்தாள். இரவு பதினொரு மணிக்கு அவள் அப்பா ஸ்ப்ரே பெயின்ட் அடித்தார். அடித்த இடமெல்லாம் பொசுங்கி ஓட்டை ஓட்டையாகிவிட்டது, பிள்ளை அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. கடைசியில் வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்துக் கொடுத்தோம். நேர்த்தி என்று மதிப்பெண் போடும்போது, என்ன பொருளில் செய்தார்கள், வீட்டில் என்ன வசதி இருந்தது என்பதையும் பாருங்கள் டீச்சர்.

மாசிவீதி பிளாட்டர்

அக்கா, ஸ்ப்ரே பெயின்டில் இருக்கும் கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிடும். உடனே ஒட்டும் பசையும் அப்படித்தான். தண்ணீரில் கரையும் பெயின்ட்டைப் பிரஷ்ஷால் அடித்தால் ஒன்றும் ஆகாது. அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை, அது எங்கள் குறைதான்.

திருமங்கலம் டீச்சர்

அம்மா, நீங்கள் சொன்னது மனதில் பட்டது. பலகையும் போர்டும் கல்லூரியிலேயே கொடுத்தோம், ஆனால் குழாயும் பெயின்ட்டும் அவர்கள் செலவு. அடுத்த முறை எல்லாப் பொருளையும் நாங்களே தருகிறோம்.

அப்புறம், அண்ணன் சொன்ன பிறகு இ மாதிரியை மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். நீளப் பக்கத்தில் கடைசி வளைவு மட்டும் மற்றதைவிட நெருக்கமாக இருக்கிறது. அளந்தேன், 7 மி.மீ. குறைவு. வளைவைக் கத்தரித்துச் சொருகியிருக்கிறார்கள். பெயின்ட் அடித்ததால் முதலில் கண்ணில் படவில்லை. மொத்த நீளம் மட்டும் 744 சரியாக இருக்கிறது. இது எப்படி?

தெப்பக்குளத்தான்

அளவைத் தொடராகக் குறித்ததால் வருவது. முதல் தூணிலிருந்து இரண்டாவதற்கு ஸ்கேலை வைத்துக் குறிப்பார்கள், ஸ்கேலைத் தூக்கி இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு, அப்படியே போவார்கள். பென்சில் கோட்டுக்கும் ஒரு பருமன் உண்டு. ஒவ்வொரு தடவையும் கால் மி.மீ., அரை மி.மீ. கூடிக்கொண்டே போய்க் கடைசித் தூணுக்கு வரும்போது இடம் பற்றாது. மொத்த நீளம் பலகையில் முன்பே வெட்டியாகிவிட்டது, அதனால் கடைசி இடைவெளி அடி வாங்கும்.

செய்ய வேண்டியது, ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு மூலையில் வைத்துவிட்டு அதை நகர்த்தாமல் எல்லாத் தூணையும் அதிலிருந்தே குறிப்பது. அப்படிச் செய்தால் எந்தத் தூணிலும் பிழை அரை மி.மீ.க்கு மேல் போகாது, ஒன்றின் பிழை இன்னொன்றில் ஏறாது. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் பெரியவர்கள் கையில் தட்டிச் சொல்லிக்கொடுத்தது இது.

நீங்கள் அளந்து பார்க்கும்போதும் மொத்த நீளத்தையும் ஒரு இடைவெளியையும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. முதல் இடைவெளி, நடு இடைவெளி, கடைசி இடைவெளி மூன்றையும் பாருங்கள். 1:100 இல் 1 மி.மீ. என்பது 10 செ.மீ. கையால் வெட்டிய மாதிரியில் ஒரு மி.மீ. ஏற இறங்க இருப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். 7 மி.மீ. என்பது 70 செ.மீ., ஒரு வாசற்படி அகலம்.

சித்திரைவீதி ஸ்டூடியோ

கல்யாணப் படம் எடுப்பவன். படத்துக்கு 20 மதிப்பெண்தான் என்பது குறைவு. அ குழுவின் படங்களைப் பார்த்தேன், அற்புதம். கிட்டே போய் வைட் லென்ஸில் எடுத்திருக்கிறார்கள், முற்றம் கண்ணுக்கு எட்டாத தூரம் போகிறது. மகால் கம்பீரமான கட்டடம், படத்தில் அந்தக் கம்பீரம் வர வேண்டும். மற்ற இரண்டும் அந்த அளவுக்கு இல்லை. படத்தைப் பார்த்தே நேர்த்தியையும் சொல்லிவிடலாம், தனியாக அளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

வண்டியூர் லென்ஸ்

நானும் படம் எடுப்பவன்தான், பெரும்பாலும் கட்டடங்களை. கல்யாண மேடையை வைட் லென்ஸில் எடுக்கலாம், அங்கே அழகுதான் கணக்கு. மாதிரியின் அளவைப் பார்ப்பதற்கான படத்தில் அது பொய் சொல்லும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன் சார். மாதிரியின் அகலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், சுற்று வராந்தாவோடு சேர்த்து. போனில் சாதாரண 1x இல் அது முழுதும் அடங்க முக்கால் மீட்டர் தூரத்தில் நிற்க வேண்டும். முன்வரிசைத் தூண் படத்தில் 10 செ.மீ. தெரிந்தால், 43 செ.மீ. பின்னால் இருக்கும் வரிசை 6 செ.மீ. சொச்சம்தான் தெரியும். அதே மாதிரியை ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று 2x இல் எடுத்தால் பின்வரிசை 8 செ.மீ. கிட்ட வரும். மாதிரி ஒன்றுதான், நின்ற இடம் மட்டும் மாறியது. அ குழுவின் முற்றம் நீளமாகத் தெரிவதற்குக் காரணம் மாதிரி இல்லை, தூரம்.

படத்தில் நேர்த்தியைப் பார்க்க முடியும் என்பதும் பாதிதான் சரி. வெள்ளை மாதிரியை வெள்ளைச் சுவர் முன்னால், நேர் வெளிச்சத்தில் வைத்தால் பசைக்கோடு எல்லாம் காணாமல் போகும். பக்கவாட்டில் சாய்ந்து வரும் வெளிச்சம்தான் விளிம்பையும் பிசிறையும் காட்டும்.

டீச்சர், மூன்று மாதிரியையும் ஒரே இடத்தில் வைத்து மறுபடி எடுங்கள். வராந்தாவில் காலை ஒன்பது மணி, நேர் வெயில் படாத இடம், பக்கத்திலிருந்து வெளிச்சம். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகையை நிறுத்தினால் நிழல் பக்கம் கறுத்துப் போகாது. பின்னணிக்குச் சாம்பல் நிறச் சார்ட். போன் ஒன்றரை மீட்டர் தள்ளி, ஒரே மேசை உயரம், 2x. நேர் முன்பக்கம் ஒன்று, மூலையிலிருந்து சரித்து ஒன்று, மேலிருந்து ஒன்று. நேர் முன்பக்கப் படத்தில் மாதிரியோடு ஒட்டி ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வையுங்கள், போனைச் சாய்க்காமல் தூணின் நடு உயரத்துக்கு நேராகப் பிடியுங்கள்.

நான்காவது படம் மனிதன் நின்று பார்ப்பது போல. 1:100 இல் மனிதக் கண் தரையிலிருந்து 16 மி.மீ. உயரத்தில் இருக்கும். போனை நிமிர்த்திப் பிடித்தால் லென்ஸ் எங்கோ மேலே போய்விடும். போனைத் தலைகீழாகத் திருப்பி மாதிரியின் ஓரத்தில் நிறுத்துங்கள். லென்ஸ் தரையை ஒட்டி வந்துவிடும், படத்தை அப்புறம் திருப்பிக்கொள்ளலாம்.

சித்திரைவீதி ஸ்டூடியோ

தலைகீழாகப் பிடிப்பது நல்ல யோசனை, நான் செய்ததில்லை. தூரக் கணக்கையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், எல்லோருக்கும் ஒரே படம் எடுத்தால் பிள்ளைகளின் படம் எடுக்கும் திறமைக்கு மதிப்பெண் எங்கே?

வண்டியூர் லென்ஸ்

நியாயமான கேள்வி. அளந்து பார்ப்பதற்கான படம் வேறு, பிள்ளைகள் தாங்களே எடுத்த படம் வேறு என்று பிரிக்கலாம். முதலாவதை வைத்து விகிதத்தையும் நேர்த்தியையும் பாருங்கள். இரண்டாவதற்குத் தனியாக 20 போடுங்கள்.

திருமங்கலம் டீச்சர்

நேற்றுக் காலை வராந்தாவில் மூன்றையும் எடுத்தோம், பிள்ளைகளும் கூடவே இருந்தார்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று முன்பக்கப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் வகுப்பே அமைதியாகிவிட்டது. அ மாதிரியின் தூண்கள் நெட்டையாக நிற்பது யாரும் சொல்லாமலே தெரிந்தது. அந்தக் குழுவில் ஒரு பெண் எழுந்து, மேடம், நாங்கள் தூணுக்கு மேலே வளைவையும் வைத்தோம், அண்ணன் சொன்ன மாதிரி இரண்டு தடவை சேர்த்துவிட்டோமோ என்று கேட்டாள். இழையைப் படித்திருக்கிறாள். அந்தக் கேள்விக்கே நான் எழுந்து கைதட்டினேன்.

பக்கவாட்டு வெளிச்சத்தில் ஆ மாதிரியின் மூலைப் பசை நூல் நூலாகத் தெரிந்தது. அதோடு வராந்தாப் பலகை ஒரு பக்கம் லேசாக வளைந்திருப்பதும் தெரிந்தது, ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டியதால் வந்தது. இ மாதிரியில் தலைகீழ்ப் போன் படம் எடுத்தபோது பொம்மை மனிதன்தான் பிரச்சினை. 35 மி.மீ. உயரம். 1:100 இல் மூன்றரை மீட்டர் ஆள். அவன் நிற்கும் வரை மகால் தூண் பாதியாகச் சுருங்கித் தெரிகிறது. அவனை எடுத்துவிட்டு, தாளில் 17 மி.மீ. உயரத்துக்கு வெட்டிய ஆளை வைத்ததும் முற்றம் பெரிதாகிவிட்டது.

நேர்த்தியில் அ 36, ஆ 27, இ 31 போட்டிருக்கிறேன். படத்தில் அ 17, ஆ 8, இ 14. விகிதத்தில்தான் கை நிற்கிறது. ஆவுக்கு 34 கொடுக்கலாம் என்று நினைக்கிறேன், அச்சை அளக்காததற்கு மட்டும் குறைத்து. இவுக்கு 20. அவுக்கு என்ன போடுவது?

நாயக்கர் பட்டாளம்

அண்ணன் சொன்னது புரிந்தது. ஆனாலும் 58 தவறு என்று யாரும் இன்னும் நிரூபிக்கவில்லையே. நிரூபிக்காமல் அ குழுவுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது.

தெப்பக்குளத்தான்

தம்பி சொல்வது சரி. அளந்து பார்க்காமல் குறைக்கக் கூடாது. இதற்கு ஏணியும் சாரமும் வேண்டாம்.

முற்றத்தின் ஒரு ஓரத்தில் தூணை ஒட்டி 2 மீட்டர் அளவுக்கோல் ஒன்றை ஒருவர் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். நீங்கள் எதிர்ப்பக்கம் போய் அதே தூணுக்கு நேர் எதிரே நின்று படம் எடுங்கள். அகலம் 142 அடி, அதாவது நாற்பது மீட்டருக்கு மேல். அவ்வளவு தூரத்தில் போனை நிமிர்த்திப் பிடித்தால் அண்ணாந்து சாய்க்காமலே தூண் முழுதும் அடங்கும். அண்ணாந்து எடுத்தால் மேல்பகுதி சுருங்கிவிடும், அதனால்தான் கிட்டே நின்று எடுத்த படங்களில் எண்ணுவது உதவாது. அப்புறம் படத்தைக் கணினியில் பெரிதாக்கி, கோல் எத்தனை புள்ளி, தூண் அடியிலிருந்து தலை வரை எத்தனை புள்ளி, வளைவின் உச்சி வரை எத்தனை, கூரை விளிம்பு வரை எத்தனை என்று எண்ணுங்கள். இருபது சென்டிமீட்டர் முன்பின் இருக்கும், கோலின் அடி தூணின் அடியோடு ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் இன்னும் கூடும். மில்லிக் கணக்குக்கு இது ஆகாது. ஆனால் 40 அடிக்கும் 58 அடிக்கும் நடுவில் ஐந்தரை மீட்டர் இருக்கிறது, அதைச் சொல்லிவிடும்.

மகால் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. கோலைக் கொண்டுபோகுமுன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், தூணில் சாய்த்துவிடாதீர்கள், சாந்து பூசிய தூண்.

திருமங்கலம் டீச்சர்

அ குழுவின் விகித மதிப்பெண்ணை நிறுத்தி வைக்கிறேன். மூன்று குழுவிலிருந்தும் இரண்டிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வியாழக்கிழமை காலை போகிறோம், கூட்டம் குறைவாக இருக்கும். எங்களிடம் நீளமான அளவுக்கோல் இல்லை, யாரிடமாவது இருந்தால் ஒரு நாள் தர முடியுமா?

மாசிவீதி பிளாட்டர்

கடையில் சர்வேக்காரர் ஒருவர் விட்டுப்போன லெவலிங் ஸ்டாஃப் இருக்கிறது டீச்சர், இழுத்தால் நான்கு மீட்டர். அவரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். புதன் சாயங்காலம் பையனை அனுப்புங்கள். சிவப்புக் கறுப்புக் கோடு போட்டது, படத்தில் தெளிவாகத் தெரியும்.